திருத்திய கட்டுரையை அனுப்பும்போது, முடிவு மாறிய செய்தியை இதழாசிரியருக்கான கடிதத்தில் சொல்ல வேண்டுமா?

உவர்நிலம் | 3 ஜூன் 2023

நிலக்கடலை நாற்றுகள் உவர்நீரை எந்த அளவு வரை தாங்கும் என்ற எங்கள் கட்டுரை 'பெருந்திருத்தம்' என்ற முடிவோடு திரும்பி வந்திருக்கிறது. நான்கு உப்புநிலைகள் (0, 50, 100, 150 மில்லிமோலார்), ஒவ்வொரு நிலைக்கும் நான்கு தொட்டிகள், ஒரு தொட்டியில் ஆறு செடிகள் என்பது எங்கள் சோதனையின் அமைப்பு. ஆக 16 தொட்டிகளில் 96 செடிகள்.

உப்புநீரைத் தொட்டிக்குத்தான் ஊற்றினோமே தவிர ஒவ்வொரு செடிக்கும் தனியாக ஊற்றவில்லை என்பதால், ஒரு நிலைக்கு 24 மாதிரிகள் என்று நாங்கள் எழுதியது செல்லாது, நான்கு மட்டுமே செல்லும் என்று இரண்டாம் மதிப்பாய்வாளர் சொல்லியிருக்கிறார். கணக்கைத் தொட்டி அளவில் மீண்டும் போட்டபோது உலர் எடை குறைவது நிலைத்து நின்றது. ஆனால் 50 மில்லிமோலாரிலேயே பச்சையம் குறைகிறது என்று நாங்கள் தலைப்பிலேயே போட்டிருந்த முடிவு நிற்கவில்லை.

பதில் கோப்பில் அந்தக் கருத்துக்கு நேராக இதைச் சொன்னால் போதும், இதழாசிரியருக்கான முகப்புக் கடிதத்தில் எதற்காக நாமே கொடி பிடிக்க வேண்டும் என்று என் நெறியாளர் கேட்கிறார். கடிதத்துக்கு நான் எழுதி வைத்திருக்கும் வரைவு இதுதான்: "மதிப்பாய்வாளர்கள் சுட்டிய குறைகள் அனைத்தும் களையப்பட்டுள்ளன. கட்டுரை கணிசமாக மேம்பட்டுள்ளது. தங்கள் சாதகமான முடிவை எதிர்நோக்குகிறோம்." இது போதுமா?

குடுவை | 3 ஜூன் 2023

போதாது. ஆய்வின் புதுமை என்ன, இந்த இதழின் வாசகர்களுக்கு அது ஏன் பொருந்தும், வேறெந்த இதழிலும் இது பரிசீலனையில் இல்லை என்ற உறுதி, நீங்கள் பரிந்துரைக்கும் மதிப்பாய்வாளர்கள் மூவரின் பெயர்கள் ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் வேதியியல் துறையில் இவை இல்லாத கடிதத்தை மேசையிலேயே திருப்பி விடுவார்கள்.

ஆலமரத்தடி | 4 ஜூன் 2023

குடுவை சொல்வது முதன்முறை அனுப்பும்போது எழுதும் கடிதம். திருத்தத்தோடு போகும் கடிதத்தின் வேலை வேறு. வேளாண் இதழ் ஒன்றில் சில ஆண்டுகள் இணையாசிரியராக இருந்தேன் என்பதால், அந்தக் கடிதம் எந்தக் கையில் போய் எப்படிப் படிக்கப்படுகிறது என்று சொல்ல முடியும். உங்கள் கட்டுரை திரும்பி வரும்போது இணையாசிரியருக்கு அது முற்றிலும் மறந்து போயிருக்கும். இடையில் வேறு பல கட்டுரைகளைப் பார்த்திருப்பார். அவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, இதை மறுபடி மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்புவதா, அனுப்பினால் இருவருக்குமா ஒருவருக்கு மட்டுமா, அல்லது தாமே படித்து முடித்துவிடலாமா என்பதுதான். உங்கள் கடிதம் அந்த முடிவுக்கு உதவ வேண்டும். 'அனைத்தும் களையப்பட்டுள்ளன' என்ற வாக்கியம் எந்த உதவியும் செய்யாது. எல்லாக் கட்டுரைகளோடும் அதே வாக்கியம்தான் வருகிறது.

தலைப்பும் சுருக்கமும் மாறுகின்றன என்றால் அதைக் கடிதத்தின் முதல் பத்தியில் எழுதுங்கள். இது நேர்மை பற்றிய அறிவுரை மட்டுமன்று. பழைய தலைப்பு இணையத்தளப் பதிவில் அப்படியே இருக்கும், நீங்கள் ஏற்றும் கோப்பில் வேறு தலைப்பு இருக்கும். இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்று அலுவலகப் பணியாளர் கேட்டுத் திருப்பி அனுப்புவார். அதைவிட முக்கியமானது, இரண்டாம் மதிப்பாய்வாளர் தம் அறிக்கையில் இதையே தலையாய குறையாக எழுதியிருக்கிறார். அவருடைய ரகசியக் குறிப்புப் பெட்டியில் இதழாசிரியருக்கு இன்னும் கடுமையாக எழுதியிருக்கவும் கூடும். இதழாசிரியர் உங்கள் கடிதத்தைத் திறக்கும்போது தேடுவது அந்த ஒரு கேள்விக்கான பதிலைத்தான். அது அங்கே இல்லையென்றால், நீங்கள் தவிர்க்கிறீர்கள் என்றே அவருக்குத் தோன்றும்.

புள்ளிக்கோலம் | 4 ஜூன் 2023

முடிவு மாறிவிட்டது என்று இவ்வளவு அவசரமாக ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தொட்டிச் சராசரியை எடுத்தால் 96 எண்கள் 16 ஆகச் சுருங்கி, பிழைக்கான டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 92-இலிருந்து 12-க்கு இறங்கிவிடும். அது தகவலை வீணடிக்கும் பழைய வழி. மிக்ஸ்டு மாடல் போட்டால் 96 செடிகளையும் வைத்துக்கொண்டே தொட்டியின் தாக்கத்தைப் பிரித்துவிடலாம், உங்கள் p மதிப்பும் திரும்பி வரும். மதிப்பாய்வாளருக்கு 'கலப்பு மாதிரி பயன்படுத்தினோம்' என்று ஒரு வரி எழுதினால் வாயடைத்துப் போவார்.

```
library(lmerTest)
m <- lmer(chl ~ factor(salt) + (1 | tub), data = d)
anova(m)
```

உவர்நிலம் | 6 ஜூன் 2023

எங்கள் ஆய்வகத் தோழி இதை ஓட்டிப் பார்த்தார், புள்ளிக்கோலம் சொன்னபடியே பச்சையத்தின் வேறுபாடு திரும்பி வந்துவிட்டது. நெறியாளர் மகிழ்ச்சியில் இருக்கிறார். அப்படியென்றால் கடிதத்தில் முடிவு மாறிய பேச்சே எழாது என்று நினைக்கிறேன்.

ஆலமரத்தடி | 6 ஜூன் 2023

பொறுங்கள். எல்லாத் தொட்டிகளிலும் ஆறு செடிகள் இருந்து, எதுவும் செத்துப்போகாமல் இருந்தால், தொட்டிச் சராசரியில் போட்ட அனோவாவும் சரியாக எழுதிய மிக்ஸ்டு மாடலும் அதே F மதிப்பையும் அதே 3, 12 என்ற டிகிரிகளையும் தர வேண்டும். தொட்டிகளுக்கிடையேயான மாறுபாடு சுழியம் என்று மாடல் முடிவு கட்டினால் மட்டுமே இரண்டும் பிரியும், அப்போது திரையில் அதற்கான எச்சரிக்கை வரும். எச்சரிக்கை இல்லாமல் முடிவு திரும்பி வந்திருக்கிறது என்றால் வேறெங்கோ சிக்கல் இருக்கிறது. summary(m) கொடுத்து, கீழே groups என்ற வரியில் என்ன எண் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

உவர்நிலம் | 6 ஜூன் 2023

```
Number of obs: 96, groups:  tub, 4
```

ஆலமரத்தடி | 7 ஜூன் 2023

நான்கு இருக்கக் கூடாது, பதினாறு இருக்க வேண்டும். உங்கள் அட்டவணையில் ஒவ்வொரு உப்புநிலைக்கும் தொட்டிகளை 1, 2, 3, 4 என்று மறுபடி மறுபடி எண்ணிட்டிருப்பீர்கள். 0 நிலையின் முதல் தொட்டியும் 150 நிலையின் முதல் தொட்டியும் ஒரே தொட்டி என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. அதனால் பிழைக்கான டிகிரி 89 என்று வந்திருக்கும், பழைய கணக்கின் 92-க்கு மிக அருகில். பெயர்தான் மிக்ஸ்டு மாடல், உள்ளே இருப்பது மதிப்பாய்வாளர் மறுத்த அதே கணக்கு. தொட்டிகளுக்கு 1 முதல் 16 வரை தனித்தனி எண் கொடுத்து மீண்டும் ஓட்டுங்கள். அல்லது கீழே உள்ள வழியில் போங்கள். உப்பும் தொட்டியும் சேர்த்தே சராசரி எடுக்கப்படுவதால் அந்தப் பிழை நுழைய இடமில்லை.

```
tm <- aggregate(chl ~ salt + tub, data = d, FUN = mean)
anova(lm(chl ~ factor(salt), data = tm))
```

இந்த விஷயத்தை 1984-இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 'எக்காலஜிக்கல் மோனோகிராஃப்ஸ்' இதழில் விரிவாக எழுதினார். அதைப் படித்தவரே உங்களுக்கு மதிப்பாய்வாளராக வாய்த்திருக்கிறார் என்று தெரிகிறது. மாடலின் பெயரைச் சொல்லி அவரை வாயடைக்க முடியாது. டிகிரிகள் எத்தனை என்றுதான் முதலில் பார்ப்பார்.

புள்ளிக்கோலம் | 7 ஜூன் 2023

குழுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லாமல் விட்டது உண்மைதான். ஆனால் சில தொட்டிகளில் செடி செத்திருந்தால் மிக்ஸ்டு மாடல்தான் மேல் என்பதில் நான் பின்வாங்கவில்லை.

ஆலமரத்தடி | 7 ஜூன் 2023

அதில் எனக்கும் மறுப்பில்லை.

ஏட்டுச்சுவடி | 8 ஜூன் 2023

நான் தமிழிலக்கியத் துறையில் இருக்கிறேன். நாங்கள் அனுப்பும் இதழ்கள் பலவற்றில் 'ஏற்கப்பட்டது' அல்லது 'ஏற்கப்படவில்லை' என்ற ஒரு வரிதான் வரும், மதிப்பாய்வு அறிக்கை கண்ணில் படுவதே அபூர்வம். அண்மையில் வெளிநாட்டு இதழ் ஒன்றிலிருந்து முதன்முறையாக அறிக்கை வந்தது. அதில் எண்ணிட்ட கருத்துகளே இல்லை. மூன்று பக்கங்களுக்கு ஒரே ஓட்டமாக ஒரு விமரிசனக் கட்டுரை போல இருக்கிறது. இதற்குக் கருத்துக்குக் கருத்து பதில் சொல்வது எப்படி? ஒரு வரியை மறுப்பதா, ஏற்பதா என்று பிரிக்கவே முடியவில்லை.

ஆலமரத்தடி | 8 ஜூன் 2023

நீங்களே பிரித்து எண்ணிடுங்கள், ஆனால் அவருடைய சொற்களில் ஒன்றையும் விடாமல் முழுப் பத்தியையும் படியெடுத்துப் போடுங்கள். சுருக்கிப் போட்டால், கடினமான பகுதியை விட்டுவிட்டீர்களோ என்று அவர் பழைய அறிக்கையைத் தேடி எடுத்து ஒப்பிடுவார். ஒரு பத்தியில் இரண்டு கேள்விகள் கலந்திருந்தால் 2அ, 2ஆ என்று வெட்டுங்கள். பாராட்டாக வரும் பத்திக்கும் ஒரு வரிப் பதில் போதும்.

குடுவை | 8 ஜூன் 2023

ஒவ்வொரு பதிலையும் 'இந்த மதிப்புமிக்க கருத்துக்கு மனமார்ந்த நன்றி' என்று தொடங்குவது எங்கள் ஆய்வகத்தின் மரபு. ஒருமுறை எழுத்துப்பிழையைச் சுட்டிய கருத்துக்கும் அவ்வாறே எழுதினோம். அடுத்த சுற்றில் அந்த மதிப்பாய்வாளர் 'தங்கள் நன்றிகளுக்கு நன்றி' என்று எழுதியிருந்தார். அதன்பின் நன்றியைத் தொடக்கத்தில் ஒருமுறை சொல்லி நிறுத்திக்கொள்கிறோம்.

உவர்நிலம் | 11 ஜூன் 2023

தொட்டிகளுக்கு 16 எண்கள் கொடுத்து ஓட்டியாயிற்று. சராசரி வழியும் மாடல் வழியும் ஒரே விடையைத் தந்தன. பச்சையம் 50-இல் குறைகிறது என்று சொல்ல முடியாது; 150-இல் மட்டுமே தெளிவாகக் குறைகிறது. உலர் எடை 100-இலும் 150-இலும் குறைகிறது. நெறியாளரும் ஏற்றுக்கொண்டார், தலைப்பை மாற்றுகிறோம்.

இப்போது வேறு முடிச்சு. முதல் மதிப்பாய்வாளர் செய்முறைப் பகுதி நீளம் என்றும், பாதியைப் பின்னிணைப்புக்கு மாற்றுங்கள் என்றும் கேட்கிறார். இரண்டாமவர் அதே பகுதி போதாது என்று விரிக்கச் சொல்கிறார். அதோடு இலைகளில் சோடியம், பொட்டாசியம் விகிதமும் வயல் சோதனையும் வேண்டும் என்கிறார். உலர்ந்த இலைத்தூள் எங்களிடம் இருப்பதால் விகிதத்தைப் ஃப்ளேம் ஃபோட்டோமீட்டரில் அளந்துவிட முடியும். வயல் சோதனைக்கு இன்னொரு பருவம் வேண்டும். இதழ் கொடுத்திருப்பது அறுபது நாள்.

ஆலமரத்தடி | 12 ஜூன் 2023

முரண்பாட்டைத் தீர்க்கும் அதிகாரம் இதழாசிரியருடையது, உங்களுடையது அன்று. ஆனாலும் அவரிடம் கேள்வியாகப் போகாதீர்கள். நீங்கள் ஒரு வழியைத் தேர்ந்து, அதைச் செய்து முடித்து, 'இருவரும் எதிரெதிராகக் கேட்டார்கள், நாங்கள் இப்படிச் செய்தோம், வேறு விதமாக வேண்டுமென்றால் மாற்றத் தயார்' என்று கடிதத்தில் இரண்டு வாக்கியங்கள் எழுதுங்கள். உங்கள் கட்டுரையில் வழி எளிது. தொட்டிகளை எப்படிக் குலுக்கல் முறையில் இடம் மாற்றி வைத்தீர்கள், நீரை எதற்கு ஊற்றினீர்கள், எதை மாதிரி அலகாக எடுத்தீர்கள் என்பவை கட்டுரையிலேயே விரிவாக இருக்கட்டும். இரண்டாமவருக்கு வேண்டியது அதுவே. கரைசல் தயாரிப்பும் பச்சையம் பிரித்தெடுத்த விவரமும் பின்னிணைப்புக்குப் போகட்டும். முதலாமவர் நீளம் என்றது பெரும்பாலும் அதைத்தான்.

விகிதத்தை அளக்கும்போதும் மாதிரி அலகு தொட்டிதான் என்பதை மறக்க வேண்டாம். ஒரு தொட்டியின் ஆறு செடிகளின் தூளைச் சமமாகக் கலந்து 16 மாதிரிகளாக அளந்தாலே போதும், வேலையும் குறையும்.

வயல் சோதனையை மறுப்பதற்குக் காலத்தைக் காரணமாகச் சொல்லாதீர்கள். 'நேரமில்லை' என்று படித்தால் நேரம் தருகிறேன் என்று இதழாசிரியர் சொல்லிவிடுவார். கட்டுரை எதைக் கோருகிறது என்பதிலிருந்து மறுப்பு வர வேண்டும். இப்போது உங்கள் முடிவுரையில் வயலுக்கான பரிந்துரை ஏதாவது இருக்கிறதா?

உவர்நிலம் | 12 ஜூன் 2023

இருக்கிறது. '50 மில்லிமோலாருக்கு மேற்பட்ட பாசன நீரை விவசாயிகள் தவிர்க்க வேண்டும்' என்பது கடைசி வாக்கியம்.

ஆலமரத்தடி | 12 ஜூன் 2023

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு வயல் சோதனையை மறுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அதை எடுத்துவிட்டு, தொட்டியில் வளர்த்த நாற்றுப் பருவத்துக்கு மட்டுமே முடிவு பொருந்தும் என்று எழுதினால், மறுப்பு தானாகவே நியாயமாகிவிடும். பதில் கோப்பில் நீக்கிய வாக்கியம், புதிய வாக்கியம் இரண்டையும் ஒட்டிக் காட்டுங்கள். வரி எண்ணை மட்டும் கொடுப்பதில் ஒரு தொல்லை உண்டு: மாற்றங்கள் தெரியும் படியில் ஒரு வரி எண் இருக்கும், சுத்தமான படியில் வேறு வரி எண் இருக்கும். எந்தப் படியின் எண்கள் என்று பதில் கோப்பின் தலையில் ஒருமுறை எழுதிவிடுங்கள்.

புள்ளிக்கோலம் | 12 ஜூன் 2023

லேடெக்ஸில் எழுதியிருந்தால் மாற்றம் தெரியும் படிக்குக் கையால் வண்ணம் தீட்ட வேண்டாம். பழைய கோப்பும் புதிய கோப்பும் இருந்தால் இது போதும்.

```
latexdiff old.tex new.tex > diff.tex
```

அட்டவணைகளில் சில நேரம் இது சிக்கிக்கொள்ளும். அப்போது அந்த அட்டவணையை மட்டும் விட்டுவிட்டுப் பதில் கோப்பில் மாற்றத்தைச் சொல்லிவிடுவேன்.

உவர்நிலம் | 15 ஜூன் 2023

இன்னும் இரண்டு செய்திகள். ஃப்ளேம் ஃபோட்டோமீட்டரில் அளந்து கொடுத்தவர் பக்கத்து ஆய்வகத்தைச் சேர்ந்தவர். முறையைச் சரிசெய்ததும் அந்தப் பத்தியை எழுதியதும் அவரே என்பதால் அவரைக் கட்டுரையாளராகச் சேர்க்க விரும்புகிறோம். அடுத்து, இரண்டாம் மதிப்பாய்வாளர் ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்கிறார். ஐந்திலும் ஒரே பெயர் வருகிறது. இரண்டு பொருத்தமானவை, மூன்று நெல்லின் பூஞ்சை நோய் பற்றியவை.

குடுவை | 15 ஜூன் 2023

ஐந்தையும் போட்டுவிட்டுப் போங்கள். ஒரு வாக்கியத்தில் ஐந்து எண்கள், யாருக்கு என்ன நட்டம்? கட்டுரை வெளிவந்தால் போதாதா? நாங்கள் எப்போதும் அப்படித்தான் செய்கிறோம், இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஆலமரத்தடி | 16 ஜூன் 2023

முதல் செய்தி கடிதத்தில் கட்டாயம் வர வேண்டியது. திருத்த நிலையில் கட்டுரையாளர் ஒருவர் சேர்ந்தாலும் நீங்கினாலும், யார், என்ன பங்களிப்பு, ஏன் இப்போது என்பதையும், மற்ற கட்டுரையாளர்கள் அனைவரும் சம்மதித்ததையும் இதழாசிரியர் எதிர்பார்ப்பார். பல இதழ்களில் கையொப்பமிட்ட படிவமும் உண்டு. தளத்தில் பெயரை மட்டும் நுழைத்துவிட்டுச் சொல்லாமல் இருந்தால் அங்கேயே கட்டுரை நின்றுவிடும்.

மேற்கோள் விஷயத்தில் குடுவையோடு நான் உடன்படவில்லை. மேற்கோள் எண்ணிக்கையை உயர்த்துவதற்காக மட்டும் தம் கட்டுரைகளைப் பரிந்துரைக்கக் கூடாது என்று வெளியீட்டு நெறிக்கான கோப் அமைப்பு மதிப்பாய்வாளர்களுக்கே சொல்லியிருக்கிறது. பதில் கோப்பில், பொருத்தமான இரண்டை எந்த இடத்தில் சேர்த்தீர்கள் என்றும், மற்ற மூன்றும் வேறு பயிர், வேறு பொருள் என்பதால் சேர்க்கவில்லை என்றும் சினமில்லாமல் எழுதுங்கள். இதழாசிரியருக்கு அதையே ஒரு வாக்கியத்தில் தெரிவியுங்கள். அந்த மதிப்பாய்வாளர் யாராக இருக்கும் என்ற உங்கள் ஊகத்தை எங்கும் எழுதாதீர்கள். ஐந்திலும் பெயர் இருப்பவருடைய மாணவரோ, அவரை மதிக்கும் வேறொருவரோ கூட அப்படிக் கேட்கலாம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். எம்போ ஜர்னல் 2009 முதலே மதிப்பாய்வு அறிக்கைகளையும் கட்டுரையாளர்களின் பதில்களையும் கட்டுரையோடு வெளியிட்டு வருகிறது. அவ்வாறு செய்யும் இதழ்கள் இப்போது பெருகிவிட்டன. பதில் கோப்பை எவரும் படிக்கக்கூடும் என்று கருதியே எழுதுங்கள்.

குடுவை | 16 ஜூன் 2023

கொள்கை அழகாக இருக்கிறது. அந்த மூன்றைப் போடாததற்காக அவர் மறுபடி 'பெருந்திருத்தம்' எழுதினால் இழப்பது உவர்நிலத்தின் இன்னோர் ஆண்டு. உங்களுக்கோ எனக்கோ இழப்பு ஒன்றுமில்லை.

உவர்நிலம் | 20 ஜூன் 2023

இதுதான் இப்போதைய கடிதம். அரைப் பக்கத்துக்குள் நின்றது.

> மதிப்பிற்குரிய இதழாசிரியர் அவர்களுக்கு,
>
> மேற்கண்ட எண்ணுள்ள கட்டுரையின் திருத்திய படியை இத்துடன் அனுப்புகிறோம். இரண்டாம் மதிப்பாய்வாளரின் முதல் கருத்தை ஏற்று, தரவு முழுவதையும் தொட்டியை மாதிரி அலகாகக் கொண்டு மீண்டும் பகுத்தாய்ந்தோம். அதன் விளைவாக, 50 மில்லிமோலாரில் பச்சையம் குறைகிறது என்ற முந்தைய முடிவைத் திரும்பப் பெறுகிறோம். உலர் எடை பற்றிய முடிவு மாறவில்லை. தலைப்பு, சுருக்கம், இரண்டாம் படம், முடிவுரை ஆகியவை இதற்கேற்ப மாற்றப்பட்டுள்ளன.
>
> செய்முறைப் பகுதியைக் குறைக்குமாறு முதல் மதிப்பாய்வாளரும் விரிக்குமாறு இரண்டாமவரும் கேட்டிருந்தனர். சோதனை அமைப்பைக் கட்டுரையில் விரித்து, வேதியியல் விவரங்களைப் பின்னிணைப்புக்கு மாற்றியுள்ளோம். தாங்கள் வேறு அமைப்பை விரும்பினால் மாற்றித் தருவோம்.
>
> கேட்கப்பட்டவாறு சோடியம், பொட்டாசியம் விகிதத்தை அளந்து சேர்த்துள்ளோம். வயல் சோதனை செய்யப்படவில்லை. முடிவுகளைத் தொட்டியில் வளர்ந்த நாற்றுப் பருவத்தோடு வரையறுத்து, பாசனம் குறித்த பரிந்துரையை நீக்கியுள்ளோம். புதிய அளவீட்டைச் செய்து அப்பகுதியை எழுதியவரைக் கட்டுரையாளராகச் சேர்க்கத் தங்கள் ஒப்புதலைக் கோருகிறோம்; அனைவரும் கையொப்பமிட்ட படிவம் இணைக்கப்பட்டுள்ளது.
>
> பரிந்துரைக்கப்பட்ட ஐந்து மேற்கோள்களில் பொருத்தமான இரண்டைச் சேர்த்துள்ளோம். காரணம் பதில் கோப்பில் உள்ளது.

புள்ளிக்கோலம் | 20 ஜூன் 2023

'திரும்பப் பெறுகிறோம்' என்பது வெளியான கட்டுரையை விலக்கிக்கொள்வது போல ஒலிக்கிறது. 'புதிய பகுப்பாய்வு அதை ஆதரிக்கவில்லை' என்று எழுதலாம். டிகிரிகள் 3, 12 என்பதையும் அங்கேயே சொன்னால், கணக்குத் தெரிந்த இதழாசிரியர் ஒரே பார்வையில் நிம்மதி அடைவார்.

ஆலமரத்தடி | 21 ஜூன் 2023

இரண்டும் நல்ல திருத்தங்கள். ஏற்றுவதற்குமுன், தளம் எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகத் தைத்துக் காட்டும் படியை முதல் பக்கத்திலிருந்து பாருங்கள். சில தளங்களில் முகப்புக் கடிதம் இதழாசிரியருக்கு மட்டும் போகும், சிலவற்றில் மதிப்பாய்வாளருக்கும் சேர்ந்து போய்விடும். பெயர் மறைத்த மதிப்பாய்வாக இருந்தால், கையொப்பப் படிவம் அந்தத் தையலுக்குள் வந்துவிடக் கூடாது.

உவர்நிலம் | 22 ஜூன் 2023

பார்த்தேன். கடிதம் முதல் பக்கமாகவே தைக்கப்பட்டு வந்தது. எனவே மேற்கோள் பற்றிய கடைசிப் பத்தியைக் கடிதத்திலிருந்து எடுத்து, 'இதழாசிரியருக்கு மட்டும்' என்ற தனிப்பெட்டியில் போட்டேன். படிவத்தைப் பொதுவில் காட்டாத கோப்புவகையாக மாற்றியபின் தையலிலிருந்து அது நீங்கிவிட்டது. இதழ் பெயர் மறைப்பதில்லை என்றாலும் கையொப்பங்கள் அங்கே இருக்க வேண்டிய தேவை இல்லை. இன்று மாலை அனுப்பிவிட்டோம். தளத்தில் நிலை 'இதழாசிரியரிடம்' என்று காட்டுகிறது.